ஒரே எழுத்துரு, நான்கு உரிமங்கள்: ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கொள்முதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியில் 40 கிளைகளுடன் இயங்கும் ஒரு நகைக்கடன் நிறுவனம், பெயர்ப்பலகையிலிருந்து கைப்பேசிச் செயலி வரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துருவே தெரிய வேண்டும் என்று முடிவெடுத்து, தமிழும் ஆங்கிலமும் ஒத்த சாயலில் வடிக்கப்பட்ட ஒரு கட்டண எழுத்துருக் குடும்பத்தை வாங்கியது. வாங்கி ஓராண்டு ஆவதற்குள், அந்த எழுத்துருவை வடித்து விற்கும் ஃபவுண்ட்ரியிடமிருந்து மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்தின் செயலிக்குள் தங்கள் எழுத்துரு இருப்பதைக் கண்டதாகவும், அதற்கான செயலி உரிமத்தின் ரசீது எண்ணைத் தெரிவித்தால் தங்கள் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொள்வதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். கணக்குப் பிரிவினர் கோப்பைப் புரட்டியபோது கிடைத்தது ஒரே ஒரு ரசீதுதான்: ஐந்து பேருக்கான டெஸ்க்டாப் உரிமம்.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதித் தரவும், வேண்டிய உரிமங்களைத் தேர்ந்து கொடுக்கவும் என்னை அழைத்தார்கள். நிறுவனம் அடையாளம் தெரியாதிருக்க எண்ணிக்கைகளை மாற்றியிருக்கிறேன். கணக்குப் போட்ட முறையை மாற்றவில்லை.

யாரும் திருட நினைத்து எதையும் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "காசு கொடுத்து வாங்கியாச்சே சார், அப்புறம் எங்க போட்டா என்ன?" என்று அவர்களுடைய மென்பொருள் பிரிவுத் தலைவர் கேட்டது உண்மையான குழப்பத்தில் எழுந்த கேள்வி. இதற்குப் பதில், எழுத்துரு எந்த வகைப் பொருள் என்பதில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அந்த வடிவத்தை வரையும் எழுத்துருக் கோப்பு, கணினி நிரல் என்ற வகையில் பாதுகாப்புப் பெறுகிறது. இந்தியாவிலும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே வைத்திருக்கிறது. எனவே விற்பனைக்கு வருவது எழுத்தன்று. கோப்பைச் சில இடங்களில், சில அளவுக்கு இயக்கிக்கொள்ளும் அனுமதி மட்டுமே. அச்சான விளம்பரத்தைக் கோடிப் பேர் பார்த்தாலும் அந்தக் கோப்பு ஒரு வடிவமைப்பாளரின் கணினியை விட்டு நகர்ந்திருக்காது. அதே எழுத்துருவில் ஒரே ஒருவர் செயலியைப் பதிவிறக்கினால்கூட கோப்பு அவருடைய கைப்பேசிக்குள் போய்விடுகிறது. டெஸ்க்டாப், வெப், செயலி, சர்வர் என்ற நான்கு பிரிவுகளும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவை. ஆகவே ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் நான் கேட்டது ஒன்றுதான்: கோப்பு எந்த இயந்திரத்தில், யாருடைய கட்டளைக்கு ஓடுகிறது, அது நம் கையை விட்டுப் போகிறதா?

இதற்கான விடைகளை விளம்பரப் பிரிவிடம் கேட்டுப் பெற முடியாது. கோப்பைத் தேடித்தான் பெற வேண்டும். ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பு உள்ளபடிக்கு ஒரு ஜிப் கட்டுதான். அதனால் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஃபவுண்ட்ரியும் இந்த வழியில்தான் பார்த்திருக்க வேண்டும். சர்வரில் நிறுவப்பட்ட எழுத்துருக்களையும், பிடிஎஃப் கோப்புக்குள் பதிந்திருப்பவற்றையும் அறிய ஒவ்வொரு வரிக் கட்டளை போதும்.

```
unzip -l app.apk | grep -iE "\.(ttf|otf)"
fc-list
pdffonts statement.pdf
```

இரண்டு நாள் தேடியதில் ஐந்து பேருக்கு விற்ற எழுத்துரு இருந்த இடங்கள் தெரிந்தன: தலைமையகத்தில் ஐந்து வடிவமைப்பாளர்களின் கணினிகள், கிளைகளில் 130 கணினிகள், பொது இணையதளம், வாடிக்கையாளர் கணக்குத் தளம், இரண்டு செயலிகள், மூன்று சர்வர்கள்.

கிளைகளுக்கு அது போன வழி எளியது. நிறுவனத்தின் கடிதத்தாளை வேர்டு மாதிரிக் கோப்பாக அனுப்பியபோது எழுத்து மாறித் தெரிகிறது என்று கிளைகள் புகார் சொல்ல, ஒருவர் `.ttf` கோப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். டெஸ்க்டாப் உரிமம் பெரும்பாலும் பயனர் எண்ணிக்கையிலோ கணினி எண்ணிக்கையிலோ விற்கப்படுவது. ஆகவே ஐந்துக்கு வாங்கியது 135 ஆகிவிட்டது. இப்படி எண்ணிக்கை மீறுவது சிறு நிறுவனங்களில் மட்டும் நடப்பதன்று. 2009இல் ஃபான்ட் பியூரோ என்னும் அமெரிக்க ஃபவுண்ட்ரி, உரிமத்தின் எல்லைக்கு மேல் தன் எழுத்துருக்களைப் பயன்படுத்தியதாக என்பிசி யூனிவர்சல் மீது 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது.

135 பேருக்கு உரிமம் வாங்குவது ஒரு வழி. ஆனால் கிளை மேலாளர் எழுதும் கடிதத்தின் உடற்பகுதி நிறுவன எழுத்துருவில் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டதற்கு, விளம்பரப் பிரிவில் யாரும் ஆம் என்று சொல்லவில்லை. தலைப்பும் முகவரியும் வடிவமைப்பாளர் கணினியிலேயே படமாக ஆக்கப்பட்டு மாதிரிக் கோப்பில் சேர்க்கப்பட்டன; உடற்பகுதி விண்டோஸிலேயே வரும் நிர்மலா யுஐக்கு மாறியது; கிளைக் கணினிகளிலிருந்து கட்டண எழுத்துரு நீக்கப்பட்டது. ஐந்து பேருக்கான பழைய உரிமமே போதுமானதாயிற்று. இங்கே ஓர் எச்சரிக்கை: நிர்மலா யுஐ விண்டோஸோடு வருவதால் விண்டோஸ் கணினியில் கடிதம் அடிக்கத் தடையில்லை. ஆனால் அந்தக் கோப்பை நகலெடுத்து இணையதளத்திலோ செயலியிலோ வைக்க விண்டோஸ் உரிமம் இடம் தருவதில்லை. "கணினியோடு வந்தது இலவசம்தானே" என்று விண்டோஸின் லதா, விஜயா எழுத்துருக்களைச் செயலிக்குள் திணித்தவர்களை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

டெஸ்க்டாப் உரிமத்தில் பலர் தவறவிடும் இன்னொன்று வெளியாட்கள். நிறுவனம் வாங்கிய உரிமம் அதன் விளம்பர முகமைக்குத் தானாகப் போய்ச் சேராது. முகமை அந்த எழுத்துருவில் வேலை செய்ய அதற்கெனத் தனி உரிமம் வேண்டும் என்பது இந்த ஒப்பந்தத்திலும் இருந்தது. அச்சகத்துக்கு எழுத்துரு பதிந்த பிடிஎஃப் அனுப்பினால் போதும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்பும் பழைய வழக்கத்தை நிறுத்தச் சொன்னேன்.

வெப் உரிமத்துக்கு வருவோம். தளத்தைக் கட்டியவர் வடிவமைப்பாளரிடமிருந்து `.ttf` கோப்பை வாங்கி, இணையத்தில் கிடைக்கும் ஒரு மாற்றியில் போட்டு `.woff2` ஆக்கிச் சேர்த்திருந்தார். கோப்பு வகையை மாற்றுவதை டெஸ்க்டாப் உரிமங்கள் பலவும் வெளிப்படையாகவே தடுக்கின்றன. வெப் உரிமம் வாங்கினால் ஃபவுண்ட்ரியே `.woff2` கோப்புகளைத் தந்துவிடும். அது சிறிய சிக்கல். எந்த அடுக்கு விலையில் வாங்குவது என்பதே பெரியது, ஏனென்றால் இந்த ஃபவுண்ட்ரி மாதப் பக்கப் பார்வைகளின் அளவில் விலை வைத்திருந்தது. விளம்பரப் பிரிவு தன் பகுப்பாய்வுப் பலகையைப் பார்த்து மாதம் 1.8 லட்சம் என்றது. வாடிக்கையாளர்கள் உள்நுழைந்து தவணை பார்க்கும் கணக்குத் தளம் தனித் துணைத்தளத்தில், தனிக் கணக்கில் ஓடுவதை அது சேர்க்கவில்லை. சேர்த்தபோது 9 லட்சம் ஆயிற்று.

மென்பொருள் பிரிவு இதற்கு வேறொரு கணக்குச் சொன்னது: சர்வர் பதிவில் எழுத்துருக் கோப்பு மாதம் 60,000 முறைதான் கேட்கப்பட்டிருக்கிறது, அதையே எண்ணிக்கையாகத் தரலாம் என்றார்கள். அது சரியன்று. ஒருமுறை வந்த கோப்பை உலாவி தன் சேமிப்பில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்கு அதையே எடுத்துக்கொள்கிறது; பதிவிறக்கம் ஒன்றாக இருக்கையில் பார்வைகள் இருபதாக இருக்கலாம். ஒப்பந்தம் எண்ணுவது எழுத்துரு பயன்பட்ட பக்கப் பார்வைகளை. ஆகவே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதை விட்டுவிட்டு, உண்மையிலேயே குறைக்க வழி பார்த்தோம். கணக்குத் தளத்துக்கு வருபவர் நிலுவைத் தொகையைப் பார்க்க வருகிறார். அங்கே எழுத்தின் நேர்த்தியைவிட எண்களின் தெளிவே வேண்டும். அந்தத் தளம் நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் இலவச எழுத்துருவுக்கு மாறியது. பொதுத் தளத்தின் 1.8 லட்சத்துக்கு மட்டும், கொஞ்சம் வளர இடம் விட்டு, 2.5 லட்சம் அடுக்கில் வெப் உரிமம் வாங்கப்பட்டது.

இடையில் முகமையின் பக்கமிருந்து, தங்களிடம் அடோபி ஃபான்ட்ஸ் சந்தா இருக்கிறது, அதிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று ஒரு யோசனை வந்தது. பொதுத் தளத்துக்கு மட்டும் என்றால் அது நடக்கக்கூடியதே, நிறுவனம் தன் பெயரிலேயே சந்தா வைத்துக்கொண்டால். ஆனால் அந்தச் சந்தாவில் எழுத்துரு அடோபியின் சர்வரிலிருந்துதான் வர வேண்டும். நம் சர்வரில் வைத்துக்கொள்ள முடியாது. செயலிக்குள் பதிக்கும் உரிமையும் அதில் இல்லை. நமக்குச் சிக்கலே அந்த இரண்டில் இருந்ததால் யோசனை அத்தோடு நின்றது.

செயலி உரிமம் இந்த ஃபவுண்ட்ரியில் ஒரு செயலிக்கு இவ்வளவு, ஒரு தடிமனுக்கு இவ்வளவு என்று இருந்தது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டும் ஒரே பெயரில் ஒரே செயலியாக இருந்தால் ஒன்றாகவே எண்ணினார்கள். எல்லா ஃபவுண்ட்ரிகளும் அப்படி எண்ணுவதில்லை என்பதால் இதை எழுத்தில் கேட்டு வாங்கினோம். செயலிக்குள் நான்கு தடிமன்கள் பதிந்திருந்தன. ஆனால் திரைகளைப் பார்த்தபோது நடுத்தரமும் தடிப்பும் மட்டுமே புழங்கின. மற்ற இரண்டும் யாரோ கோப்புறையை முழுதாக நகலெடுத்ததில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஊழியர்களுக்கான இரண்டாவது செயலியில் நிறுவன அடையாளம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. எனவே நான்கு தடிமன், இரண்டு செயலி என்று எட்டு அலகாக வந்திருக்க வேண்டிய விலை, இரண்டு தடிமன், ஒரு செயலி என்று இரண்டு அலகாயிற்று.

இனி சர்வர். நிறுவனத்தில் எவரும் இப்படி ஓர் உரிமம் இருப்பதைக் கேள்விப்பட்டதில்லை. மாதக் கணக்கு அறிக்கை ஒன்றைத் திறந்து `pdffonts` ஓட்டியபோது நிறுவன எழுத்துருவின் பெயர், முன்னால் ஆறு பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியுமாக வந்தது. கோப்பில் பயன்பட்ட எழுத்துகள் மட்டும் வெட்டிப் பதிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். வடிவமைப்பாளர் தன் கணினியில் செய்த விளம்பரப் பிடிஎஃபிலும் அதே போன்ற பெயரே வந்தது. மென்பொருள் பிரிவுத் தலைவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, இரண்டிலும் வித்தியாசமில்லையே, ஒன்றுக்கு உரிமம் இருக்கும்போது இன்னொன்றுக்கு எதற்கு என்று கேட்டார். கோப்புகளில் வித்தியாசம் இல்லைதான். ஒன்றை ஒரு மனிதர் உட்கார்ந்து செய்தார். இன்னொன்றை ஆளில்லாத இயந்திரம், மாதம் 62,000 தடவை, ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயரையும் தொகையையும் போட்டுச் செய்கிறது. டெஸ்க்டாப் உரிமம் ஆளை எண்ணுகிறது. எண்ண ஆளே இல்லாத இடத்துக்குத்தான் சர்வர் உரிமம். எழுத்துருவுக்குள் `fsType` என்று ஒரு புலம் உண்டு. அதில் 4 என்று இருந்தால் ஆவணத்தில் பார்க்கவும் அச்சிடவும் பதிக்கலாம் என்று பொருள். அவர் அதையும் எடுத்துக் காட்டினார். அந்தப் புலம் பதிப்பதைப் பற்றி மென்பொருளுக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. யார் எந்த இயந்திரத்தில் பதிக்கலாம் என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும்.

இந்த ஃபவுண்ட்ரியின் சர்வர் உரிமம் ஆண்டுச் சந்தா. அளவுகோல், எழுத்துரு இருக்கும் சர்வர்களின் செயலிக்கருக்கள், அதாவது கோர்கள். நிறுவனத்தில் தலா 8 கோர் கொண்ட இரண்டு சர்வர்களும், அவை பழுதானால் எழுந்து நிற்க அதே அளவில் ஒரு மாற்றுச் சர்வரும் இருந்தன. மொத்தம் 24 கோர். மாற்றுச் சர்வர் ஆண்டு முழுவதும் தூங்கினாலும் கோப்பு அதில் இருப்பதால் அது கணக்கில் வந்தது. அவர்கள் கொடுத்த விலையில் ஒரு கோருக்கான ஆண்டுக் கட்டணம், ஐந்து பேருக்கான டெஸ்க்டாப் உரிமத்தின் விலைக்கு ஏறக்குறைய சமம். ஒருமுறை கொடுத்து முடித்த தொகையைப்போல 24 மடங்கை ஆண்டுதோறும் கட்டுவது என்பது இயக்குநரின் அறையில் யாருக்கும் பிடிக்கவில்லை.

எண்ணுவது கோர் என்றால் கோரைக் குறைக்கலாம் என்பது என் முதல் யோசனை. அந்த மூன்று சர்வர்களும் வேறு பல வேலைகளையும் செய்கின்றன. அறிக்கை தயாரிப்பு மாதம் ஒருமுறைதான். இரண்டு கோர் கொண்ட ஒரு சிறு இயந்திரத்தைத் தனியே வைத்து அதில் மட்டும் எழுத்துருவை வைத்தால் கட்டணம் பன்னிரண்டில் ஒரு பங்காகும். ஓர் அறிக்கைக்கு ஒரு நொடி என்று வைத்தால் 62,000 நொடி, அதாவது ஏறக்குறைய பதினேழே கால் மணி நேரம். இரண்டு கோரும் சேர்ந்து உழைத்தால் ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவு எட்டுக்குத் தொடங்கினால் விடியற்காலை ஐந்துக்குள் ஆயிற்று. பழுதானால் மறுநாள் ஓட்டலாம்; மாற்று இயந்திரம் தேவையில்லை.

கணக்கு அழகாக வந்தது. ஆனால் நான் அடகுச் சீட்டை மறந்திருந்தேன். ஒருவர் நகையைக் கொடுத்துவிட்டு முகப்பில் நிற்கும்போது அடிக்கும் சீட்டும் அதே சர்வரில்தான் பிடிஎஃபாக உருவாகிறது. காலை பத்து மணிக்கு 40 கிளைகளும் ஒரே நேரத்தில் கேட்கும். அந்தச் சிறு இயந்திரம் பழுதானால் கடன் கொடுப்பதே நின்றுபோகும். அதற்காக இயந்திரத்தைப் பெருக்கி, மாற்றும் வைத்தால் கோர் எண்ணிக்கை திரும்பவும் ஏறிவிடும்.

ஆகவே கேட்ட கேள்வியையே மாற்றினோம். அறிக்கையிலும் சீட்டிலும் நிறுவன எழுத்துருவில் தெரிய வேண்டியவை நிறுவனப் பெயரும் தலைப்பு வரியும் மட்டுமே. அவை வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறுவதில்லை. மாறாதவற்றை வடிவமைப்பாளர் தன் கணினியில் கோட்டுருவமாக மாற்றிக் கொடுத்தால், சர்வருக்குப் போவது படம், எழுத்துரு அன்று. பெயர், எடை, தொகை, தேதி ஆகிய மாறும் பகுதிகளை நோட்டோ சான்ஸ் தமிழில் அமைக்கலாம். அது எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானது. அந்த உரிமம் சர்வரையோ கோரையோ எண்ணுவதில்லை. அந்த எழுத்துருவால் உருவாக்கிய ஆவணத்தை அது கட்டுப்படுத்தாது என்பதும் அதன் வாசகத்திலேயே இருக்கிறது. சர்வர் உரிமமே வேண்டாததாயிற்று.

மாற்றிய அன்று அச்சில் வந்த முதல் சீட்டில் "கொடுக்கப்பட்டது" என்ற சொல்லின் கொம்பு, ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. எழுத்துருவின் மேல் பழி போடப்பட்டது. குற்றம் பிடிஎஃப் உருவாக்கும் நூலகத்தில் இருந்தது. தமிழ் எழுத்துகளை வரிசை மாற்றிச் சேர்க்கும் விதிகள் எழுத்துருவுக்குள் இருந்தாலும், அவற்றைப் படித்துச் செயல்படுத்தும் நிரல் வேண்டும். பழைய சீட்டில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், முன்பிருந்தவர் அந்த ஓர் எழுத்துருவுக்கு மட்டும் கையால் ஒட்டுவேலை செய்து வைத்திருந்ததே. ஹார்ஃப்பஸ் கொண்டு எழுத்தமைக்கும் நூலகத்துக்கு மாறியதும் சரியாயிற்று. ஆண்டுக்கணக்கில் சர்வர் உரிமத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் கொ, கௌ, ஸ்ரீ உள்ள ஒரு பக்கத்தையாவது அதே சர்வரில் சோதனை எழுத்துருவால் அடித்துப் பார்ப்பதை நான் இப்போது கட்டாயமாக்கியிருக்கிறேன்.

சர்வர் கணக்கில் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. பொங்கலுக்கு வாடிக்கையாளர் தன் பெயரைத் தட்டினால் வாழ்த்து அட்டை படமாக வரும் ஒரு பக்கம் பொதுத் தளத்தில் இருந்தது. வெளியே போவது படம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். என்ன எழுத வேண்டும் என்று கட்டளையிடுபவர் வெளியாள், எழுத்துரு ஓடுவது சர்வரில். இதுவும் சர்வர் உரிமத்துக்குள்தான் வரும் என்று ஃபவுண்ட்ரி பதில் எழுதியது. அட்டைக்குப் பலூ தம்பி என்ற எழுத்துரு போதும் என்று வடிவமைப்பாளர்களே சொன்னார்கள். அதுவும் திறந்த உரிமம் கொண்டது. பார்க்கப்போனால் பொங்கல் அட்டைக்கு அதன் உருண்ட எழுத்துகள் கட்டண எழுத்துருவைவிடப் பொருந்தின.

ஃபவுண்ட்ரிக்கு எழுதிய பதிலில் எதையும் மறைக்கவில்லை: எழுத்துரு எங்கெங்கே இருந்தது, எந்தத் தேதியில் நீக்கப்பட்டது, எதற்கு உரிமம் வேண்டும் என்று பட்டியலிட்டோம். வெப், செயலி உரிமங்களைத் தளமும் செயலியும் வெளியான நாளிலிருந்து கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுமாறு ஃபவுண்ட்ரியினர் கேட்டார்கள், கிளைகளுக்கும் சர்வர்களுக்குமாக ஒரு தொகையைப் பேசி முடித்தார்கள், அபராதம் கேட்கவில்லை.

செயலி உரிமத்தில் மட்டும் ஒரு வாரம் இழுபறி இருந்தது. ஆண்டுச் சந்தாவாக எடுத்தால் முதல் ஆண்டுச் செலவு குறைவு என்று கணக்குப் பிரிவு அதையே விரும்பியது. சந்தாவை நிறுத்தும் நாளில் இணையதளத்திலிருந்து எழுத்துருவை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். செயலியில் அது நடக்காது. புதிய பதிப்பை வெளியிட்டாலும், புதுப்பிக்காத வாடிக்கையாளரின் கைப்பேசியில் பழைய பதிப்பு எழுத்துருவோடு கிடக்கும். அந்தப் பழைய பதிப்புகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டதற்கு ஃபவுண்ட்ரியின் ஒப்பந்தத்தில் தெளிவான பதில் இல்லை. அதனால் மூன்றாண்டுச் சந்தாவுக்குச் சமமான தொகை கொடுத்து நிரந்தர உரிமமே வாங்கப்பட்டது. அதில், வெளியான பதிப்புகள் பயனர் கைப்பேசியில் இருப்பது உரிமத்துக்கு உட்பட்டதே என்ற ஒரு வரியைச் சேர்த்துத் தருமாறு கேட்டோம். மறுநாளே சேர்த்து அனுப்பினார்கள்.